விருப்ப ஓய்வில் போகிறவருக்கு ஒரு வாழ்த்துமடல்

அன்புள்ள வாசக நண்பருக்கு,

உங்கள் வங்கிக் கிளையின் தலைமைக் காசாளர் மேடம் இந்த மாதக் கடைசியில் விருப்ப ஓய்வில் போகிறார், வாழ்த்துமடல் எழுதும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது, எழுதியதைப் பார்த்துத் திருத்திக் கொடுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு முறை படித்தேன். முதல் பத்தியில் அவர் ‘மனிதருள் மாணிக்கம்’, ‘பண்பின் சிகரம்’. இரண்டாம் பத்தியில் ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’, ‘கண்கள் குளமாகின்றன’. மேடைப் பேச்சில் தொடங்கி இரங்கல் செய்தியில் முடித்திருக்கிறீர்கள். நடுவில் மேடம் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டியிருக்கிறது.

இரங்கல் வாடை எங்கிருந்து வருகிறது தெரியுமா? ‘இழப்பு’ என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டால் போய்விடாது. ‘அனைவரிடமும் அன்பாகப் பழகினார், எளிமையாக வாழ்ந்தார், நேர்மையைக் கடைப்பிடித்தார்’ என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கிருந்துதான். அவருடைய குணத்தை எல்லாம் முடிந்துபோன காலத்தில் வைத்துவிட்டீர்கள். முடிந்தது வேலைதான். கவுன்ட்டரில் அவர் செய்ததை இறந்தகாலத்தில் சொல்லுங்கள். குணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் நிகழ்காலத்தில் சொல்லுங்கள். அவருக்கு வயது 54. மகள் இன்னும் கல்லூரியில் படிக்கிறாள். ‘பேரக் குழந்தைகளோடு அமைதியான ஓய்வுக்காலம் அமைய’ என்ற வரியைப் போன வருடம் 60 வயதில் ஓய்வு பெற்றவரின் மடலில் இருந்து எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதை அடித்துவிட்டேன்.

விருப்ப ஓய்வில் உள்ள சங்கடமே வேறு. 60 வயதில் போகிறவரிடம் ஏன் போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. 2020 ஜனவரி 31 அன்று பிஎஸ்என்எல்லில் ஐம்பது வயது கடந்தவர்கள் 78,000 பேருக்கு மேல் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் போனார்கள். அன்றும் தனித்தனியாகக் காரணம் கேட்க வேண்டியிருக்கவில்லை. நிறுவனத்தின் நிலை ஊருக்கே தெரியும். ஒருவர் மட்டும் தானாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும்போதுதான் கூடத்தில் இருக்கும் எல்லோரும் காரணத்தைத் தேடுவார்கள். உங்கள் கிளையில் ஏற்கெனவே இரண்டு கதைகள் ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள்: மாமியாருக்கு உடம்பு முடியவில்லை என்று ஒன்று, வெளியூர் மாற்றல் வரப்போவது தெரிந்து முந்திக்கொண்டார் என்று இன்னொன்று. நீங்களோ ‘குடும்பச் சூழல் காரணமாக’ என்று போட்டிருக்கிறீர்கள். நல்ல எண்ணத்தில்தான் போட்டிருக்கிறீர்கள், ஆனால் அது முதல் கதைக்கு முத்திரை குத்துவதாக ஆகிவிடும். அவர் சொல்லாத காரணத்தை மடல் சொல்லக் கூடாது. ‘நீங்களாக யோசித்து எடுத்த முடிவு’ என்பது போதும். அது உண்மையும்கூட. வங்கி ஓய்வூதிய விதிப்படி 20 வருட சர்வீஸ் முடித்தவர்தான் இப்படிக் கேட்க முடியும், மூன்று மாத நோட்டீஸும் கொடுக்க வேண்டும். மூன்று மாதம் யோசிக்க நேரம் இருந்தும் திரும்பப் பெறாத முடிவு அது.

அதே காரணத்தால் ‘எங்களை விட்டுப் போக எப்படி மனம் வந்தது?’ என்ற வரியும் வேண்டாம். அன்பாகத்தான் கேட்கிறீர்கள், ஆனால் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருப்பவருக்கு அது குற்றச்சாட்டு போலக் காதில் விழும். ‘தப்பிச்சீங்க மேடம்’ என்று யாராவது மைக்கில் சிரிக்க வைக்கப் பார்ப்பார்கள். அதை நீங்கள் தடுக்க முடியாது, மடலில் மட்டும் ஏற்றாதீர்கள். மறுநாள் காலை அதே கவுன்ட்டரில் உட்காரப்போகிறவர்களும் அந்தக் கூடத்தில்தான் இருப்பார்கள். கைக்கு வரும் தொகை பற்றியும் பேச்சு வேண்டாம்.

சரி, பின்னே என்னதான் எழுதுவது? உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில், மடலுக்குச் சம்பந்தமில்லாதது போல, இரண்டு விஷயங்களைக் கிறுக்கியிருந்தீர்கள். மடல் அங்கேதான் இருக்கிறது. ஒன்று, பணமதிப்பிழப்புக்குப் பிறகு வங்கி திறந்த 2016 நவம்பர் 10. மற்றொன்று, கணக்கு இடிக்கும்போது புதுப் பையன்களுக்கு அவர் சொல்லும் வித்தை: வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எண்ணை இடம் மாற்றி எழுதியிருக்கிறாய் என்று அர்த்தம். 540ஐ 450 என்று எழுதினால் 90 இடிக்கும். ஒன்பதால் சரியாக வகுபடும். ‘கடமையில் கண்ணானவர்’ என்று பத்து வரி எழுதினாலும் இந்த ஒரு வரிக்கு ஈடாகாது. இதைப் படித்ததும் கூடத்தில் சிரிப்பு வரும், ஏனென்றால் எல்லோரும் அந்த வகுத்தலைச் செய்தவர்கள். அவருடைய கோபத்தையும் ஒரு வரி சொல்லலாம் என்பது என் கட்சி. கோபமே வராதவர் என்று எழுதினால் மற்றதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நீங்கள் சொன்னதை வைத்து நான் எழுதிப் பார்த்தது இது:

“மேடம், 2011 முதல் இந்தக் கிளையில் உங்களோடு வேலை பார்த்தோம். 2016 நவம்பர் 10 காலையில் வரிசை மருந்துக் கடையைத் தாண்டி நின்றது. வயதானவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, நீங்களே துண்டுச் சீட்டில் நம்பர் எழுதிக் கொடுத்தீர்கள். அன்று கணக்கை முடிக்க ராத்திரி பத்தரை ஆனது. ஒரு ரூபாய் இடிக்கவில்லை. இடித்த நாட்களில் ‘மொதல்ல ஒன்பதால வகுத்துப் பாரு’ என்றீர்கள். இன்றும் அப்படித்தான் பார்க்கிறோம். நோட்டுக் கட்டு லேபிளில் தேதி போடாமல் விட்டு உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் இங்கே யாரும் இல்லை. இப்போது நீங்களாக யோசித்து ஒரு முடிவு எடுத்திருக்கிறீர்கள். அது உங்களுக்கு நன்றாக அமைய வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறோம். இந்தப் பக்கம் வரும்போது உள்ளே வந்துவிட்டுப் போங்கள்.”

இவ்வளவுதான். நிதானமாகப் படித்தாலும் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே போகும். இன்னும் கொஞ்சம் சேர்க்கலாமே என்று கிளையில் சொல்வார்கள். சேர்ப்பதென்றால் இன்னொரு சம்பவத்தைச் சேருங்கள், அடைமொழியைச் சேர்க்காதீர்கள். ஓரத்தில் போடும் தோரண வேலைப்பாடு, மேலே இரண்டு குத்துவிளக்கு எல்லாம் அச்சகத்துக்காரர் விருப்பம். அதில் நான் தலையிடவில்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் அவரிடமே மாதிரியைக் காட்டிவிடுங்கள். ஆச்சரியப்படுத்துகிறேன் என்று மறைக்காதீர்கள். இனிஷியல் சரியா, இந்தக் கிளைக்கு வந்த வருடம் சரியா என்று கேளுங்கள். அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பதை அவராகச் சொன்னால், சொன்ன அளவுக்கு மட்டும் ஒரு வரி சேருங்கள். ஏதாவது ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னால், ஏன் என்று கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பத்திரிகைக்காரன்