தராசுக்கு இந்தப் பக்கம் வந்த தங்கைக்கு

நேற்று வரை பக்கத்துத் தறியில் உட்கார்ந்து நாடா தள்ளியவள், இன்று காலையில் தராசுக்குப் பின்னால் நிற்கிறாய். பன்னிரண்டு தறி இருக்கிற கூடத்துக்கு மேற்பார்வை. முதலாளி சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். உன்னோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள் நீ உள்ளே வந்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். ராத்திரி தூக்கம் வரவில்லை என்று போனில் சொன்னாய். தென்னேரியில் நானும் இதே வேலைக்கு இதே மாதிரிதான் வந்தேன். நான் அடிபட்ட இடங்களை மட்டும் சொல்கிறேன்.

இந்த இடம் தனக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்த்த ஒருவர் கூடத்தில் கண்டிப்பாக இருப்பார். முதல் நாளே, மற்றவர்கள் வருவதற்கு முன்னால், அவரிடம் தனியாகப் போய்ப் பேசு. "நான் கேட்டு வாங்கலைண்ணா" என்று ஆரம்பிக்காதே. அது அவருக்கு இன்னும் வலிக்கும். "இந்தக் கூடத்துல கோர்வை பிசகினா உங்க கண்ணுக்குத்தான் முதல்ல தெரியும். நான் பார்த்துட்டு சந்தேகம்னா உங்களைக் கூப்பிடுவேன், வருவீங்களா" என்று கேள். அப்புறம் நிஜமாகவே கூப்பிடு. நான் அந்தப் பேச்சை ஒரு மாதம் தள்ளிப் போட்டேன். அந்த ஒரு மாதத்தில் அவர் பக்கம் நான்கு பேர், என் பக்கம் மூன்று பேர் என்று கூடம் பிரிந்துவிட்டது.

அடுத்தது, நாம் எல்லோரும் சேர்ந்து செய்த சின்னச் சின்னக் காரியங்கள். தாரில் மிஞ்சின பட்டு, ஜரிகைத் துணுக்கு இதையெல்லாம் யார் எப்போது வீட்டுக்குக் கொண்டுபோனார்கள் என்று உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். அவர்கள் உன்னைப் பார்த்து ஒதுங்குவதில் பாதி இந்தப் பயம்தான். எல்லோரும் இருக்கும்போது ஒரே ஒரு தடவை சொல்லிவிடு: "இதுவரைக்கும் நடந்தது எனக்குத் தெரியாது. இன்னையிலிருந்து மிச்சம் எல்லாம் தராசுக்கு வரணும், என் வீட்டுத் தறி மிச்சம் உட்பட." தோழியாக இருந்தபோது காதில் விழுந்ததை மேற்பார்வைக்காரியாக ஒரு நாளும் வாயில் எடுக்காதே.

இனி எடைக் கணக்கு. என் உயிர்த்தோழியை நான் இழக்க இருந்தது இதில்தான்.

மூன்று சேலைக்கு ஒரு பாவு கொடுக்கிறோம். பாவும் ஊடையும் சேர்த்து 1,500 கிராம் பட்டு என்று வைத்துக்கொள். ஜரிகைக்குத் தனி எடை. மூன்று சேலையும் அறுத்து வந்ததும் சேலைகளை நிறுத்து, அதில் ஏறிய ஜரிகையைக் கழித்து, மிஞ்சின நூலையும் கழிவையும் சேர்த்துப் பார்த்தால் கொடுத்த பட்டு வர வேண்டும். அவள் கணக்கில் 31 கிராம் குறைந்தது. கூலியில் பிடிக்கச் சொன்னார்கள். "என்னைத் திருடின்னு சொல்றியா" என்று கேட்டாள். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. யாருக்கும் தெரியாமல் என் சம்பளத்திலிருந்து கட்டிவிட்டேன். அது தப்பு, தங்கச்சி. பத்தே நாளில் கூடத்துக்கே தெரிந்துபோனது. எடை குறைந்த மற்ற இரண்டு பேரும் வந்து, "எங்களுக்கு மட்டும் ஏன் கட்டலை" என்று நின்றார்கள். அவளுக்கோ, நானே அவளைத் திருடி என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

நடந்தது இதுதான். பட்டு காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடிக்கும். பட்டு வியாபாரத்திலேயே முழுக்க உலர்ந்த 100 கிராம் பட்டுக்கு 11 கிராம் ஈரத்தைச் சேர்த்துத்தான் கணக்கெடுப்பார்கள். அடைமழையில் அது இன்னும் ஏறும், தொட்டால் ஈரம் தெரியாது. அவளுக்கு நூல் நிறுத்துக் கொடுத்தது ஐப்பசி மழையில், சேலை நிறுத்தது தை மாத வெயிலில்.

இப்போது நான் செய்வது ஒன்று உண்டு. புதுப் பாவு கொடுக்கிற அன்று, அதே நூலில் சரியாக 100 கிராம் ஒரு கட்டு நிறுத்து, தேதி எழுதி, தராசுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிடுவேன். பிளாஸ்டிக் பையில் போடக் கூடாது, காற்று பட வேண்டும். வெயிலோ சாரலோ நேரே படவும் கூடாது. யாரும் அதிலிருந்து ஓர் இழைகூட எடுக்கக் கூடாது. நாங்கள் அதற்குச் சாட்சிக் கட்டு என்று பெயர் வைத்திருக்கிறோம். சேலை வரும்போது முதலில் சாட்சிக் கட்டை நிறுப்பேன். அது 98.2 என்று காட்டினால் 1.8 கிராம் காற்றோடு போயிருக்கிறது. 1,500 கிராமுக்கு 27 கிராம். அன்றைக்கும் இந்த அளவு உலர்ந்திருந்தால், அவளுடைய 31-இல் 27 போக மிச்சம் 4. அறுபட்ட இழை, தார் மாற்றும்போது விழுகிற துணுக்கு இதற்கெல்லாம் எந்தக் கூடத்திலும் அவ்வளவு விடுவார்கள். 27-க்குப் பதில் 60, 70 கிராம் குறைந்தால்தான் உட்கார்ந்து கேட்க வேண்டிய விஷயம். மழையில் இதுவே தலைகீழாகும். வெயிலில் வாங்கிய நூல் அடைமழையில் சேலையாக வரும்போது எடை சரியாக இருந்தால்கூட நூல் குறைந்திருக்கலாம். ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்கு காட்டும் தராசு வேண்டும். அரிசி நிறுக்கிற தராசு இதற்கு ஆகாது.

பிசிறு, இழை விட்டது போன்ற குறைகளிலும் ஆளைப் பார்க்காமல் முதலில் நூலைப் பார். ஒரே சாயத் தொட்டியில் வந்த பாவு மூன்று தறியில் ஓடுகிறதென்றால், மூன்றிலும் இழை அறுகிறதா என்று போய்ப் பார். அறுந்தால் அது நூலின் குறை, கூலியில் கை வைக்காதே. ஒரு தறியில் மட்டும் உடலும் கரையும் சேரும் கோர்வையில் இடைவெளி விழுந்தால் அது கையின் குறை. நமக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் சேலை என்றாலும் வெளிச்சத்தில் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அவரிடம் தனியாக, "அண்ணா, இந்த இடத்தை ஒரு தடவை பாருங்களேன்" என்று விரலை வைத்துக் காட்டு. எல்லோர் முன்னாலும் விரித்துப் போடாதே.

நல்ல கூலி வருகிற கனமான கோர்வைப் பாவு யாருக்கு, சாதாப் பாவு யாருக்கு என்ற சண்டை தினமும் வரும். பெயர் வரிசையைச் சுவரில் எழுதி ஒட்டிவிடு. முறை மாற்றினால் ஏன் என்று பக்கத்திலேயே எழுது. முன்பணம் கேட்டு யார் உன் வீட்டுக்கு வந்தாலும் உன் கைப்பணத்தைக் கொடுக்காதே. வீட்டு வாசலில் பேசி அனுப்பவும் வேண்டாம். மறுநாள் கூடத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி, முதலாளியிடம் நீயே கொண்டுபோ. கடன் கொடுத்த தோழியிடம் அப்புறம் சேலைக் குறை சொல்ல உனக்கு வாய் வராது.

பழைய மாதிரி டீ நேரத்தில் அவர்களோடு உட்காரலாமா என்று கேட்டாய். உட்கார். ஆனால் டம்ளர் காலியானதும் எழுந்துவிடு. முதலாளியைத் திட்டுவதற்கு அவர்களுக்கு ஐந்து நிமிஷம் வேண்டும், அது அவர்கள் உரிமை. ஆரம்பத்தில் அந்த ஐந்து நிமிஷம் எனக்கு நெஞ்சை அடைக்கும். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும், நான் இல்லாமல். அதற்கு மருந்து எதுவும் நான் கண்டுபிடிக்கவில்லை. கல்யாணம், காதுகுத்து, சாவு எதையும் தவறவிடாமல் போகிறேன். அங்கே போனால் பந்தியில் பரிமாறுகிற கூட்டத்தோடு நிற்பேன், கூடத்துப் பேச்சை எடுக்க மாட்டேன்.

அந்தத் தோழியிடம் சாட்சிக் கட்டு கணக்கைக் காட்டி, சம்பளத்திலிருந்து கட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். எட்டு மாதம் அளவாகத்தான் பேசினாள். போன கார்த்திகையில் பாவு வாங்க வந்தவள், நான் எடுப்பதற்கு முன்னால் அவளே 100 கிராம் கட்டைப் பிரித்து, நிறுத்து, தேதி எழுதி ஆணியில் மாட்டினாள். "எழுத்து உன்னுதை விட என்னுது அழகா இருக்குல்ல" என்றாள்.