மூன்று பத்தி, ஐந்து வாக்கியம்

கேள்வி: மூன்று பத்தி மின்னஞ்சலை, தேவையான எதுவும் விடுபடாமல் ஐந்து வாக்கியங்களாகச் சுருக்குவது எப்படி?

பதில்: சொற்களை வெட்டுமுன், பெறுபவர் எதை முடிவுசெய்ய வேண்டும் என்று கண்டறிய வேண்டும், அதற்கான வேண்டுகோள் பெரும்பாலும் மூன்றாம் பத்தியின் இறுதியில் புதைந்திருக்குமாதலால், அதை முதல் வாக்கியமாக்குவதே பாதிப் பணி. ஆண்டறிக்கை அச்சிடுவதில் நேர்ந்த தாமதத்தை மேலாளருக்குத் தெரிவிக்கும் மடலை எடுத்துக்கொண்டால், அச்சகத்துடன் நடந்த தொலைபேசிப் பேச்சுகளின் வரலாறு முழுவதும் நீங்கிப் பின்வருமாறு அமையும்:

“ஆண்டறிக்கையை வேறு அச்சகத்தில் அச்சிட, புதன் மாலை 4 மணிக்குள் தங்கள் ஒப்புதல் தேவை. பொதுக்குழு 18ஆம் தேதி கூடுகிறது, ஆனால் தாள் வராததால் தற்போதைய அச்சகம் 20ஆம் தேதிதான் 500 படிகளையும் தரும். புதிய அச்சகம் ரூ. 6,000 கூடுதலாகப் பெற்று 16ஆம் தேதியே தரும். பழைய அச்சகத்துக்கு முன்பணம் தரப்படவில்லை. விலைப்புள்ளி இணைப்பில் உள்ளது.”

நான்காம் வாக்கியம் வெறும் பின்னணி போலத் தோன்றுவதால் அதுவே முதலில் வெட்டப்படுகிறது. ஆனால் அது இல்லையெனில், கொடுத்த பணம் என்னவாகும் என்று மேலாளர் கேட்டெழுத, ஒப்புதல் ஒரு நாள் தள்ளிப்போகும். எனவே எந்த வாக்கியத்தை நீக்கினால் மறுகேள்வி எழுமோ அது நிற்க வேண்டும், எதை நீக்கினாலும் முடிவு மாறாதோ அது போகலாம். ஒரே மடலில் இரு முடிவுகள் கேட்கப்படுமானால், ஐந்து வாக்கியத்துக்குள் திணிக்காமல் இரு மடல்களாகப் பிரிப்பதே முறை.