23ஆம் வாரத்தில் திறப்பைக் கொடுக்க முடியுமா?

கேள்வி: ஐயா, பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்தில் இருக்கும் இருபது குடும்பங்களுக்கு ஆளுக்கு 7 பேர்ச்சஸ் காணியில் வீடு கட்டும் வேலையில் தொழினுட்ப உத்தியோகத்தராக இருக்கிறேன். ஏப்ரல் கடைசியில் தொடங்கி 23 வாரத்தில், அதாவது ஒக்டோபர் முதல் வாரத்தில், திறப்பைக் கொடுப்போம் என்று கூட்டத்தில் சொல்லியாயிற்று. பேர்ட் வலையமைப்பு வரைந்து பார்த்தேன். ஆக நீண்ட பாதையில் ஐந்து வேலைகள். குறைந்தது, வழமையானது, கூடியது என்று வாரக் கணக்கில் சொன்னால், மண் வெட்டித் தாங்குசுவர் கட்ட 2, 4, 12. அத்திவாரம் 2, 3, 4. சுவர் 4, 5, 12. கூரை 1, 2, 3. பூச்சு, நிலம், கதவு யன்னல் 2, 4, 6. தண்ணீர்க் குழாய்க்கும் மின்சாரத்துக்கும் தனிப் பாதை. அது சராசரியாக 19 வாரம், மாறற்றிறன் 8.67. முதற்பாதைக்கு இசட் மதிப்பு 1.31 வந்தது. அட்டவணையில் அதற்கு நேரே 0.4049 என்று இருக்கிறது. நாற்பது சதவீதம்தான் வாய்ப்பா?
— ஒரு வாசகர், பசறை

பதில்: நாற்பது இல்லை. உங்கள் கையில் இருக்கும் அட்டவணை வளையியின் நடுவிலிருந்து இசட் வரையுள்ள பரப்பை மட்டும் தருவது. நடுவுக்கு இடப்பக்கம் கிடக்கும் 0.5 அதில் சேரவில்லை. சேர்த்தால் 0.9049. சில புத்தகங்கள் இடக்கோடியிலிருந்தே கூட்டி 0.9049 என்று அச்சிடும். எந்த வகை என்று அறிய, இசட் 0.00 இருக்கும் முதற்கட்டத்தைப் பாருங்கள். அங்கே 0.0000 இருந்தால் 0.5ஐ நீங்கள் கூட்ட வேண்டும், 0.5000 இருந்தால் கூட்டக் கூடாது. அட்டவணையைத் தொடாமலே இதைச் சரிபார்க்கலாம்: வாக்களித்த நாள் சராசரிக்குப் பிந்தியதாக இருந்தால், வாய்ப்பு ஐம்பதுக்குக் கீழே போகவே முடியாது.

உங்கள் 1.31 சரியாகத்தான் வந்திருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் குறைந்ததையும் கூடியதையும் வழமையானதன் நான்கு மடங்கையும் கூட்டி ஆறால் வகுத்தால் சராசரி. தாங்குசுவருக்கு அது 5 வாரம். ஐந்து வேலைக்கும் சேர்த்து 20. கூடியதிலிருந்து குறைந்ததைக் கழித்து ஆறால் வகுத்தால் நியம விலகல், அதன் வர்க்கம் மாறற்றிறன். கூட்ட வேண்டியது மாறற்றிறன்களையே; நியம விலகல்களைக் கூட்டக் கூடாது. உங்கள் ஐந்தின் கூட்டு 5.22, அதன் வர்க்கமூலம் 2.29. ஆகவே

z = (23 − 20) / 2.29 = 1.31

இந்த 5.22இல் 4.56 இரண்டே வேலைகளிலிருந்து வருகிறது: தாங்குசுவரும் சுவரும். மீதி மூன்றும் சேர்ந்து ஒன்றுகூட இல்லை. உங்கள் வாக்குறுதியின் தலைவிதி அந்த இரண்டு "12"களில் இருக்கிறது. அந்த எண்களை யார் சொன்னார், எதை நினைத்துச் சொன்னார் என்று மேசன் பாஸிடமும் பெக்கோக்காரரிடமும் திரும்பக் கேளுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 90 சதவீதம் என்று குடும்பங்களிடம் சொல்லிவிடாதீர்கள். அது முதற்பாதை முடிவதற்கான வாய்ப்பு மட்டுமே. தண்ணீரும் மின்சாரமும் இல்லாத வீட்டுக்குத் திறப்புக் கொடுப்பது கொடுத்ததாகாது. இரண்டாம் பாதை ஒரு வாரம் குட்டை என்பதால் பாடப்புத்தகம் அதை விட்டுவிடும். ஆனால் அதன் நியம விலகல் 2.94, முதற்பாதையினதைவிடப் பெரிது. 23 வாரத்துக்கு இசட் 1.36, வாய்ப்பு 0.913. இரு பாதைக்கும் பொதுவான வேலை இல்லை, ஒன்றின் தாமதம் மற்றதைத் தொடாது என்று கொண்டால் இரண்டும் முடிந்திருக்கும் வாய்ப்பு 0.905 × 0.913, அதாவது 83 சதவீதம். 1950களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக பேர்ட் முறையை வகுத்தபோதே, கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஆக நீண்ட பாதையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பாதைகள் வந்து சேரும் இடத்தில் இது எப்போதும் நம்பிக்கை கூடிய பக்கமே பிழைக்கும் என்று 1960களிலேயே ஆராய்ச்சியாளர்கள் காட்டிவிட்டார்கள்.

இன்னொரு சிக்கல் தோட்டத்துக்கே உரியது. மாறற்றிறன்களைக் கூட்டலாம் என்பது, ஒரு வேலையின் தாமதத்துக்கும் அடுத்ததன் தாமதத்துக்கும் தொடர்பு இல்லை என்றால்தான். தாங்குசுவருக்குக் கருங்கல்லும் சுவருக்குச் சீமெந்துக் கல்லும் ஒரே தோட்டப் பாதையில், ஒரே லொறியில்தான் ஏற வேண்டும். பின்னேர மழையில் பாதை அரித்துப்போய் லொறி கீழேயே நின்றால் இரண்டு வேலையும் சேர்ந்தே இழுபடும். முற்றாகச் சேர்ந்தே இழுபடும் என்று வைத்துப் பாருங்கள். அப்போது அந்த இரண்டின் நியம விலகல்களை நேராகவே கூட்ட வேண்டும்: 1.67 + 1.33 = 3. வர்க்கம் 9. மற்ற மூன்றின் 0.67ஐச் சேர்த்தால் பாதையின் நியம விலகல் 3.11 ஆகிறது, இசட் 0.96க்கு இறங்குகிறது, முதற்பாதை மட்டுமே 83 சதவீதம். இரண்டாம் பாதையையும் பெருக்கினால் 76. உண்மை 76க்கும் 83க்கும் இடையில் எங்கோ இருக்கும். ஐந்தில் நான்கு வாய்ப்பு என்று எண்ணிக்கொண்டால் பெரிய பிழை வராது.

ஐந்தில் ஒன்று தவறலாம் என்பது ஊவாவில் சிறிய விஷயம் இல்லை. பதுளை மலைகளில் பெருமழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை நிற்கும். கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் லயங்களை மண் மூடியது 2014 ஒக்டோபர் 29இல். செவ்வன் வளையிக்குப் பருவம் தெரியாது. 23ஆம் வாரத்தைத் தாண்டினால் இன்னும் ஒரு வாரம்தானே என்று அது நினைக்கும். ஆனால் மழைக்குள் நுழைந்த மண்வேலையும் பூச்சும் ஒரு வாரத்தோடு நிற்காது. ஆகவே வலப்பக்க வால் அட்டவணை காட்டுவதைவிட நீளமானது. வேலையைத் தை மாதக் கடைசியில் தொடங்க முடிந்திருந்தால் இதே எண்களுக்கு இதைவிட மதிப்பு இருந்திருக்கும்.

வாக்கை எந்த நாளுக்கு மாற்றலாம் என்று கேட்பீர்கள். மோசமான கணக்கையே எடுத்துக்கொண்டு 25 வாரம் வைத்தால் முதற்பாதைக்கு இசட் 1.61, இரண்டாவதற்கு 2.04. பெருக்கினால் ஏறக்குறைய 93 சதவீதம். இரண்டு வாரம் கூட்டிக் கேட்பது இப்போது சங்கடமாக இருக்கலாம். 23ஆம் வாரத்தில் கேட்பதைவிட நல்லது.

அட்டவணையை ஒருமுறை பார்த்துவிட்டு மூடி வைக்காதீர்கள். தாங்குசுவர் முடிந்த அன்று அதன் மதிப்பீட்டை எடுத்துவிட்டு, உண்மையில் எடுத்த வாரத்தைப் போடுங்கள். அதன் மாறற்றிறன் இனிப் பூச்சியம். மீதி நான்குக்குச் சராசரி 15 வாரம், நியம விலகல் 1.56. தாங்குசுவர் 6 வாரத்தில் முடிந்தால் மொத்தம் 21, 23க்கு இசட் 1.28, முதற்பாதை இன்னும் 90 சதவீதத்தில் நிற்கிறது. 9 வாரம் எடுத்திருந்தால் மொத்தம் 24. இசட் −0.64 ஆகிறது. மறைக்குறி வந்தால் 0.64க்குரிய 0.7389ஐ ஒன்றிலிருந்து கழியுங்கள்: 26 சதவீதம். சுவரும் அதே தோட்டப் பாதையை நம்பியிருப்பதால் அதுவும் கூடுதலான எண்தான். அந்த நிலை வந்தால் ஜூன் கடைசியிலேயே குடும்பங்களைக் கூட்டி, 26ஆம் வாரத்துக்கு முன் திறப்பு வராது என்று சொல்லிவிடுங்கள். லயத்துக்கு மேலே சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடையாளமிட்டிருந்தால், மழைக்கு முன் அவர்கள் தங்க வேறு இடம் பார்க்க மூன்று மாதமாவது கிடைக்கும்.