கலப்படத் தீவனமும் முறையீட்டுக் கடிதமும்

தீவனம் தின்று மாடு நோயுற்றால் உடையவர் வியாபாரியிடம் சென்று சண்டையிட்டுத் திரும்புவதே பெரும்பாலும் நடக்கிறது. வியாபாரி, "வேறு மூட்டை தருகிறேன்" என்பார். அல்லது, "பசு வேறு எதையோ தின்றிருக்கும்" என்பார். இரண்டிற்கும் விடை சொல்லத்தக்க ஒரு கடிதம் கையிலிருந்தாலன்றி நஷ்டத்தைப் பெறுதல் அரிது. அக்கடிதத்தின் வலிமை அதன் சொற்களில் இல்லை. மாடு நோயுற்ற முதல் நாளில் எவை பாதுகாக்கப்பட்டன என்பதில் இருக்கிறது. இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம்.

ஒரு குடியானவரிடம் நான்கு பசுக்கள் இருந்தன. மூன்று கறவையிலும் ஒன்று வற்றலிலும் இருந்தன. அவர் கடலைப் புண்ணாக்குத் தூள் ஐந்து மூட்டை புதிதாக வாங்கி, ஒன்றைப் பிரித்து, கறவைப் பசு ஒவ்வொன்றுக்கும் இரண்டு கிலோ ஊறவைத்துக் காலை 6 மணிக்கு வைத்தார். வற்றல் பசுவுக்குப் பழைய இருப்பிலிருந்து கொடுத்தார். முக்கால் மணி நேரத்திற்குள் கறவைப் பசுக்கள் மூன்றும் வாயில் நுரை தள்ளி, உடல் நடுங்கி, வயிறு உப்பித் தள்ளாடின. ஒன்று நண்பகலுக்குள் இறந்தது. வற்றல் பசுவுக்கு ஒன்றும் நேரவில்லை.

தீனி தின்ற ஒரு மணி நேரத்திற்குள் இவ்வடையாளங்கள் தோன்றினால் யூரியாவைச் சந்தேகிக்க வேண்டும். புண்ணாக்கில் யூரியா கலப்பதன் காரணம் யாதெனில், சாதாரணச் சோதனையில் புரதத்தை நேராக அளப்பதில்லை. தழைச்சத்தை அளந்து, அதை 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று கணக்கிடுகிறார்கள். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. ஆகவே ஒரு கிலோ யூரியா அக்கணக்கில் ஏறக்குறைய 2.9 கிலோ புரதமாகத் தோன்றும். நல்ல புண்ணாக்கு 50 கிலோவுடன் நிலக்கடலை ஓட்டுத் தூள் 43 கிலோவும் யூரியா 7 கிலோவும் கலந்தால், பாதிச் சரக்கு ஓடாக இருந்தும் சோதனை எண் நல்ல புண்ணாக்கினுடையதைப் போலவே இருக்கும். அதில் இரண்டு கிலோவைத் தின்ற பசுவின் வயிற்றில் 140 கிராம் யூரியா ஒரே வேளையில் சேர்கிறது. அது அங்கே விரைவில் அம்மோனியாவாக மாறி இரத்தத்தில் ஏறுகிறது. பழக்கமில்லாத 350 கிலோ எடையுள்ள பசுவுக்கு இவ்வளவு அபாயகரமானது. யூரியா ஈரம் பட்டுக் கட்டியாகும் இயல்புடையதாதலின், ஒரே மூட்டையிலிருந்து தின்ற பசுக்களில் ஒன்று இறப்பதும் மற்றவை பிழைப்பதும் வியப்பன்று.

அக்குடியானவர் முதலில் மீதித் தீனியை அகற்றிக் கால்நடை மருத்துவரை அழைத்தார். மருத்துவர் மிகுந்த குளிர்ந்த நீருடன் புளிக்காடி என்னும் வினிகரைக் குழாய் மூலம் வயிற்றினுள் செலுத்தி இரண்டு பசுக்களைக் காப்பாற்றினார். இறந்த பசுவை அன்றே அறுத்துப் பார்த்துச் சான்று எழுதினார். புதைத்த பின் தேடினால் இச்சான்று கிடைக்காது.

மறுநாள் கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில், பிரிக்காத ஒரு மூட்டையின் மேல், நடு, அடி ஆகிய இடங்களிலிருந்து தூளை எடுத்துக் கலந்து, உலர்ந்த மூன்று கண்ணாடிப் புட்டிகளில் அரைக் கிலோ வீதம் அடைத்து முத்திரையிட்டார். பிரித்த மூட்டையிலிருந்து மட்டும் எடுத்திருந்தால், வீட்டில் கலந்தது என்று வியாபாரி சொல்ல இடமுண்டு. சாட்சியாக நிற்கும் அதிகாரி தாம் கண்டதற்கு மட்டுமே கையொப்பமிட வேண்டும்; நோயின் காரணத்தைப் பற்றி அவர் எழுதுதல் கூடாது.

பின்னர் அவர் எழுதிய கடிதம் வருமாறு:

"ஐயா,

இம்மாதம் 3-ஆம் தேதி தங்கள் கடையில் கடலைப் புண்ணாக்குத் தூள் 50 கிலோ மூட்டை ஐந்து, 12,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ரசீதின் நகலும், மூட்டை வாயில் தைத்திருந்த சீட்டின் நகலும் இத்துடன் உள்ளன.

5-ஆம் தேதி காலை 6 மணிக்கு ஒரு மூட்டையைப் பிரித்து மூன்று பசுக்களுக்கு இரண்டு கிலோ வீதம் வைத்தேன். 6.45-க்குள் மூன்றும் நோயுற்றன, ஒன்று இறந்தது. பழைய புண்ணாக்கைத் தின்ற நான்காவது பசு நலமாயிருக்கிறது. நான்கிற்கும் வைக்கோலும் தண்ணீரும் ஒன்றே.

அன்று மாலை தங்களுக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன். மூட்டைகளை மாற்றித் தருவதாகச் சொன்னீர்கள். பரிசோதனை முடியும்வரை அவற்றைத் திருப்பித் தர இயலாது. 6-ஆம் தேதி சாட்சிகள் முன்னிலையில் எடுத்த மாதிரியில் ஒரு புட்டி ஆய்வகத்திற்கு அனுப்பப்பட்டது. ஒன்று தங்களுக்காக வைக்கப்பட்டுள்ளது. ஒன்று என்னிடம் இருக்கும்.

எனக்கு நேர்ந்த நஷ்டம்: பசுவின் விலை ரூ. 60,000, மருந்துச் செலவு ரூ. 2,200, ஒன்பது நாளில் குறைந்த பால் 72 லிட்டருக்கு ரூ. 2,520, சரக்கின் விலை ரூ. 12,000, ஆக ரூ. 76,720. மருத்துவர் சான்றும் பால் சங்கப் பதிவின் நகலும் இணைத்துள்ளேன்.

இதே சரக்கை வாங்கிய மற்றவர்களுக்கு உடனே அறிவித்து விற்பனையை நிறுத்தக் கேட்டுக்கொள்கிறேன். பதினைந்து நாளுக்குள் தங்கள் விடையை எதிர்பார்க்கிறேன்."

இக்கடிதத்தில் "விஷம் வைத்தீர்" என்ற சொல் இல்லை. யூரியா என்ற சொல்லும் இல்லை. ஆய்வக முடிவு வருமுன் காரணத்தைக் கூறிவிட்டு அது வேறாக முடிந்தால் கடிதம் முழுவதும் வலுவிழக்கும். நான்காவது பசுவைக் குறித்த இரண்டு வரிகளே, "வேறு எதையோ தின்றிருக்கும்" என்ற வாதத்திற்குத் தக்க விடையாகும். பால் குறைவைச் சங்கப் பதிவு ருசுப்படுத்துகிறது. மூட்டைகளைத் திருப்பிக் கொடுத்திருந்தாலோ, ருசுவும் அவற்றோடு போயிருக்கும்.

வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். சந்தேகத்திற்குரிய தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து வடிகட்டி, இரண்டு குவளைகளில் ஊற்ற வேண்டும். ஒன்றில் மட்டும் வறுக்காத சோயா மொச்சை மாவு ஒரு கரண்டி இட்டு அரை மணி நேரம் வைக்க வேண்டும். மாவிட்ட குவளையில் மட்டும் மூத்திர நெடி எழுந்து, அதில் நனைத்த மஞ்சள் தோய்ந்த காகிதம் சுண்ணாம்பு பட்டது போலச் சிவந்தால் யூரியா உண்டு. ஆனால் எவ்வளவு என்பதை இது காட்டாது. கலப்புத் தீவனத்தில் நூற்றுக்கு ஒரு பங்குவரை யூரியா சேர்க்க இந்தியத் தர நிர்ணயம் இடமளிக்கிறது. தனிப் புண்ணாக்கில் அது சிறிதும் இருத்தலாகாது. அளவறிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகம் போன்றவற்றை நாட வேண்டும்.

கடிதத்தை ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்பி, நகலொன்றை வைத்துக்கொள்வது அவசியம். விடை வராவிடில், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். சொந்த உழைப்பால் பிழைப்பின் பொருட்டே பசு வளர்ப்பவருக்கு இச்சட்டம் பொருந்தும். கெடு இரண்டு வருஷம். அங்கும் முதலில் கேட்கப்படுவது ரசீதே. ஆதலின் ஒவ்வொரு முறை தீவனம் வாங்கும்போதும் ரசீதையும் மூட்டைச் சீட்டையும், ஒரு புட்டித் தூளையும், அச்சரக்கு தீர்ந்து ஒரு வாரம் ஆகும்வரை எடுத்து வைத்தல் நலம்.