பெயர் எழுதாதவர் யார்? — உறவுப் பட்டியலிலிருந்து வமிச மரம் வரைதல்

நம்மவர் பலருடைய வீடுகளில், பழைய கணக்குப் புத்தகத்தின் அட்டைக்கு உட்புறத்தில் ஒட்டிய உறவினர் பட்டியல் ஒன்று கிடைக்கும். பெருநாளைக்கு யார் யாருக்குப் பணம் அனுப்புவது, கல்யாணத்துக்கு யாரை அழைப்பது என்பதற்காக எழுதி வைத்தது. ஒரு பக்கம் பெயர், மறு பக்கம் உறவு. எழுதியவர் தம் பெயரை மட்டும் எழுதியிருக்க மாட்டார். தாம் யாரென்பது அவருக்குத் தெரியுமல்லவா!

பிள்ளைகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு மரம் வரைய உட்காரும்போதுதான் சங்கடம். மாமா என்றால் யாருக்கு மாமா? தமிழ் உறவுச் சொல் ஒவ்வொன்றும் சொல்லுகிறவரை நடுவில் வைத்தே பொருள் தரும். ஆகவே முதல் வேலை, சொல்லுகிறவரைக் கண்டுபிடிப்பது.

விளக்கத்துக்காக நாமே பெயர் வைத்து ஒரு பட்டியலை அமைத்துக் கொள்வோம். மேற்பாகம் கறுப்பு மையில்:

மு. காசிம் — வாப்பா
ஆமினா — உம்மா
நூ. இபுராஹீம் — காக்கா
ஜைனப் — மதினி
பாத்திமா — தங்கை
அ. செய்யது — மாமா
ரஹ்மத் — கொழுந்தியா
யூசுப் — சகலை

கீழ்ப்பாகம் ஊதா மையில்:

அ. செய்யது — வாப்பா
ரஹ்மத் — தங்கை
மு. காசிம் — மாமா
ஆமினா — மாமி
பாத்திமா — நாத்தனார்
ஜைனப் — ஓரகத்தி

ஒருவருக்கு வாப்பா ஒருவர்தாம். இங்கே இருவர் இருக்கிறார்கள். ஆகவே இது ஒருவர் சொன்ன பட்டியலன்று. இரண்டு பேர் சொன்னதை ஒரே தாளில் ஒட்டியிருக்கிறார்கள். மையின் நிறம் மாறியிராவிட்டாலும் இந்த முரண்பாடே அதைக் காட்டிவிடும். இதைக் கவனியாமல் எல்லாரையும் ஒருவருக்கே உறவாக்கி வரைகிறவர், பாதி வழியில் பாத்திமாவைத் தங்கையாகவும் நாத்தனாராகவும் வைக்க இடமின்றித் திண்டாடுவார். ஆகவே கோடு போட்டு இரண்டு பாகமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, சொன்னவர் ஆணா பெண்ணா என்பது. வாப்பா, உம்மா, மாமா என்பவை இருபாலாரும் சொல்லும் சொற்கள்; அவற்றால் பயனில்லை. கொழுந்தியாள் என்பவள் மனைவியின் தங்கை, சகலை என்பவர் மனைவியின் சகோதரியை மணந்தவர். இரண்டும் ஆண் மட்டுமே சொல்லக்கூடியவை. நாத்தனார் என்பவள் கணவனின் சகோதரி, ஓரகத்தி என்பவள் கணவனின் சகோதரனுடைய மனைவி. இவை பெண்ணின் வாயில் மட்டுமே வரும். ஆக மேற்பாகம் ஓர் ஆணுடையது, கீழ்ப்பாகம் ஒரு பெண்ணுடையது. இபுராஹீமைக் காக்கா என்றும் பாத்திமாவைத் தங்கை என்றும் சொல்வதால், அந்த ஆண் இவ்விருவருக்கும் இடைப்பட்ட வயதினர். "மூத்தவர் இபுராஹீம்தானே, பட்டியலும் அவருடையதாக இருக்கும்" என்று குடும்பத்தில் யாராவது சொன்னால் அது செல்லாது. எவரும் தம்மைத் தாமே காக்கா என்று எழுதிக்கொள்வதில்லை.

இப்போது இரு பாகத்திலும் வரும் பெயர்களைப் பொருத்திப் பார்க்கலாம். ரஹ்மத் அவருக்குக் கொழுந்தியா, அவளுக்குத் தங்கை. பாத்திமா அவருக்குத் தங்கை, அவளுக்கு நாத்தனார். செய்யது அவருக்கு மாமா, அவளுக்கு வாப்பா. காசிம் அவருக்கு வாப்பா, அவளுக்கு மாமா. நான்கும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன: சொன்னவர்கள் கணவனும் மனைவியும். அக்காள் தங்கை இருவரை அண்ணன் தம்பி இருவர் மணந்த வீட்டில் மட்டும் இந்தப் பூட்டு ஏமாற்றக்கூடும். அப்படி ஒரு சம்பந்தம் உண்டா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுவிடுவது நல்லது. இருவருக்கும் வெறுங்கட்டம் போட்டு நடுவில் வைத்து மற்றவர்களைச் சுற்றிலும் எழுதலாம். பெயர் பிறகு வரும். காசிமுடைய மக்களில் பட்டியலில் காணாதவர் யார் என்று ஊரில் விசாரித்தால் அவரே பெரும்பாலும் நாம் தேடுபவர். ஆனால் மனஸ்தாபத்தால் விட்டுப்போன பெயரும் உண்டு என்பதை மறக்கக்கூடாது.

இது வரையில் எளிது. இனி வருவதில்தான் அதிகம் தவறுகிறார்கள்.

இபுராஹீமின் பெயருக்கு முன் "நூ." இருப்பதைப் பாருங்கள். முதலெழுத்து தகப்பனாருடையது. காசிமின் மகனாயிருந்தால் "கா." என்றல்லவா இருக்க வேண்டும்? ஆகவே இவர் உடன்பிறந்த காக்கா அல்லர். தமிழில் வாப்பாவின் சகோதரர் மகனும் அண்ணன்தான், உம்மாவின் சகோதரி மகனும் அண்ணன்தான். காக்கா என்ற சொல்லும் அப்படியே. போதாததற்கு, கடைத்தெருவில் மரியாதைக்கு யாரையும் காக்கா என்கிறோம். அவர் மனைவி மதினியாகவும் ஓரகத்தியாகவும் வந்ததனால் மட்டும் கூடப்பிறந்தவர் என்று முடிவு கட்ட முடியாது.

பாகப் பிரிவினை என்று வரும்போது இந்த வேறுபாடு சிறியதன்று. சொன்னவர் ஆண் மக்களின்றியும், தகப்பனாரும் உடன்பிறந்த சகோதரரும் இல்லாமலும் மரணமடைந்தார் என்று வைத்துக்கொள்வோம். வாப்பாவின் உடன்பிறந்த சகோதரருடைய மகன், தமக்கு நெருங்கிய ஆண் உறவினர் தந்தை வழியில் வேறு இல்லாவிடில், பராயிளில் மீதத்துக்கு உரியவராகக்கூடும். உம்மாவின் சகோதரி மகன் அந்த வரிசையில் வரவே மாட்டார். பட்டியலில் இருவருக்கும் ஒரே சொல்! சிங்கப்பூரில் வாரிசுச் சான்றிதழ் தருவது ஷரீஅத் நீதிமன்றம். அங்கே "காக்கா" என்று சொன்னால் போதாது. எவ்வழியில் என்று சொல்ல வேண்டும்.

இதைத் தீர்க்க "இபுராஹீமின் வாப்பா உங்களுக்குப் பெரிய வாப்பாவா?" என்று கேட்பதில் பயனில்லை. உம்மாவின் மூத்த சகோதரியை மணந்தவரையும் அப்படித்தான் அழைப்போம். "இபுராஹீமின் வாப்பாவைப் பெற்றவர் யார்? காசிமைப் பெற்றவர் யார்?" என்று கேட்க வேண்டும். இருவருக்கும் ஒரே தகப்பனார் வந்தால் தந்தை வழி. உறவுச் சொற்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, பெற்றவர், மணந்தவர் என்ற இரண்டு சொற்களால் மட்டுமே மரத்தில் கோடு போடலாம். அப்பா என்ற சொல்லுக்கு ஊருக்கு ஊர் தகப்பனார், பாட்டனார் என்று பொருள் மாறுகிற குழப்பமும் இதனால் ஒழியும்.

செய்யதுவின் விஷயமும் இவ்வாறே. அவர் மாமனார் என்பது தெளிவாயிற்று. ஆனால் அவரே உம்மாவின் சகோதரராகவும் இருக்கலாம். மாமன் மகளை மணப்பது நம்மில் வழக்கந்தானே. கீழ்ப்பாகத்தில் ஆமினாவை மாமி என்று எழுதியிருப்பதும் இதைத் தீர்க்காது, மாமியாரும் மாமி, வாப்பாவின் சகோதரியும் மாமி. ஆமினாவின் தகப்பனார் பெயர் தெரிய வேண்டும். அவருடைய நிக்காஹ் பதிவுப் புத்தகத்தில் மணப்பெண்ணின் தகப்பனார் பெயர் இருக்கும். அது "அ." என்று தொடங்குகிற பெயராயிருந்து, செய்யதுவின் தகப்பனாரும் அவரேயென்று ஊரார் சொன்னால், ஆமினாவும் செய்யதுவும் உடன்பிறந்தவர்கள். அப்போது கணவனுடைய கோடும் மனைவியுடைய கோடும் மேலே போய் ஒரே பாட்டனாரிடம் சேரும். அவரை இரண்டு இடத்தில் எழுதாமல் ஒரே கட்டத்தில் எழுதி, இரு கோட்டையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

பதிவு கிடைக்கும் வரையில் ஆமினாவுக்கும் செய்யதுவுக்கும் இடையே புள்ளிக்கோடு போட்டு, யாரிடம் கேட்க வேண்டுமென்று பென்சிலால் பக்கத்தில் குறித்து வைக்கலாம். யூசுப் மணந்தது ரஹ்மத்தையா, வேறொரு சகோதரியையா என்பதும் புள்ளிக்கோடுதான்.