தீபாவளிக்கு முன்பே வேலையை விட்டால் போனஸ் போய்விடுமா?

ஜூலையில் வேலையை விடுகிறவரிடம் எச்.ஆர். பகுதியில் சொல்லும் வழக்கமான பதில் ஒன்று உண்டு: "போனஸ் போடும் நாளில் நீங்கள் கம்பெனியில் இருக்க மாட்டீர்களே." பலர் இதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வந்துவிடுகிறார்கள். இந்தப் பதில் சில போனஸ்களுக்குச் சரி, சிலவற்றுக்குத் தவறு. உங்களுடையது எந்த வகை என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

முதலில்: சட்டம் தரும் போனஸா, கம்பெனி தரும் போனஸா?

இந்தியாவில் போனஸ் என்ற ஒரே பெயரில் இரண்டு தனித்தனிப் பணங்கள் ஓடுகின்றன. ஒன்று, 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டத்தில் தொடங்கியது. 2025 நவம்பர் 21 முதல் அது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்புக்குள் வந்துவிட்டது. இருபது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம் இதைக் கொடுத்தே ஆக வேண்டும். குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். இது எல்லாருக்கும் கிடையாது. பழைய சட்டத்தில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டவர்களுக்குத்தான் இந்த உரிமை இருந்தது. புதிய தொகுப்பில் அந்த வரம்பை அரசு அறிவிக்கும். எனவே கணக்குப் போடுமுன் நடப்பு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஆஃபர் லெட்டரில் வரும் வேரியபிள் பே, பெர்ஃபார்மன்ஸ் போனஸ், ஆண்டு ஊக்கத்தொகை போன்றவை. இவற்றை ஆளுவது போனஸ் சட்டமல்ல, நீங்கள் கையெழுத்திட்ட தாள். இவற்றைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

சட்டப்படியான போனஸ் என்றால்

ராஜினாமா செய்தவருக்கு இது கிடையாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. கேட்பது ஒன்றுதான்: அந்தக் கணக்காண்டில் குறைந்தது 30 நாள் வேலை செய்திருக்க வேண்டும். மோசடி, வேலையிடத்தில் வன்முறை, திருட்டு, கையாடல், நாசவேலை, பாலியல் துன்புறுத்தலுக்காகத் தண்டனை பெற்றது ஆகிய காரணங்களுக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்குத்தான் போனஸ் பறிபோகும். தானாக விலகுவது அந்தப் பட்டியலில் இல்லை. "பட்டுவாடா நாளில் ரோலில் இருக்க வேண்டும்" என்று கம்பெனி விதி எழுதி வைத்திருந்தாலும், சட்டப்படியான போனஸை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது.

பணம் வர வேண்டிய கெடு, கணக்காண்டு முடிந்து எட்டு மாதம். மார்ச் 31-இல் ஆண்டு முடிந்தால் நவம்பர் 30-க்குள். தீபாவளிக்கு முன்பே கொடுப்பது நம் ஊர் வழக்கம். கெடு வேறு, வழக்கம் வேறு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கோவையில் ஒரு பம்பு தொழிற்சாலை ஊழியர் 2026 ஜூலை 31-இல் விலகுகிறார். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து மாதம் 18,000 ரூபாய். போனஸை முழுச் சம்பளத்தில் கணக்கிடுவதில்லை. பழைய சட்டத்தின் முறைப்படி 7,000 ரூபாய் அல்லது அந்தத் தொழிலுக்கான குறைந்தபட்ச ஊதியம், இதில் எது அதிகமோ அதில்தான் கணக்கு. அந்த அடிப்படை 12,000 என்று வைத்துக்கொள்வோம்.

2025-26 முழு ஆண்டுக்கு 12 மாதம், 12,000 வீதம் 1,44,000 ரூபாய். அதில் 8.33 சதவீதம் 11,995 ரூபாய். இது 2026 நவம்பர் 30-க்குள் வர வேண்டும். இதை எல்லாரும் கேட்பார்கள். ஆனால் இதோடு முடியவில்லை. 2026 ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாதம் அடுத்த கணக்காண்டில் உழைத்திருக்கிறார். 30 நாள் நிபந்தனை எப்போதோ தாண்டியாயிற்று. அதற்கு 48,000 ரூபாயில் 8.33 சதவீதம், 3,998 ரூபாய். இதன் கெடு 2027 நவம்பர் 30. அப்போது அவர் வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார், கம்பெனியும் தானாக நினைவு வைத்து அனுப்பாது. பெரும்பாலும் கைவிட்டுப் போவது இந்தத் தொகைதான். கம்பெனி 20 சதவீதம் அறிவித்தால் இரண்டு தொகையும் அதற்கேற்பக் கூடும்.

முன்பணமாக வாங்கிய பண்டிகை போனஸ் இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்கிய நிறுவனம் என்றால் முதல் ஐந்து ஆண்டுகளில் லாபம் வந்த ஆண்டுக்குத்தான் போனஸ். இந்த இரண்டையும் சரிபார்க்காமல் கோரிக்கை எழுதினால் முதல் பதிலிலேயே அடிபடும்.

ஒப்பந்த போனஸ் என்றால்

இங்கே ஆஃபர் லெட்டரையும் போனஸ் பாலிசியையும் எடுத்து வைத்துக்கொண்டு மூன்று வாசகங்களைத் தேடுங்கள். போனஸ் நிச்சயமானதா, அல்லது மேனேஜ்மென்ட் விருப்பப்படியா? பட்டுவாடா நாளில் பணியில் இருக்க வேண்டுமா? நோட்டீஸ் பீரியடில் இருப்பவருக்கும் இல்லை என்கிறதா? மூன்றாவதுதான் கண்ணி. ஏப்ரல் 30-இல் போனஸ் வரும், ஏப்ரல் 10-இல் ராஜினாமா மெயில் அனுப்பினால் நீங்கள் இன்னும் ஊழியர்தான். ஆனால் அந்த வாசகம் இருந்தால் தொகை நின்றுவிடும். தேதியைப் பார்த்து மெயில் அனுப்புங்கள். பணம் வங்கியில் ஏறிய பிறகு விலகினாலும், ஆறு மாதத்துக்குள் போனால் திருப்பித் தர வேண்டும் என்று சில கடிதங்கள் சொல்லும். அதையும் பாருங்கள்.

நிபந்தனை தெளிவாக எழுதியிருந்தால் அதை எதிர்த்து வெல்வது கடினம் என்பதே என் கருத்து. எதுவும் எழுதாமல், இலக்கை எட்டினால் இவ்வளவு தருவோம் என்று மட்டும் இருந்து, நீங்கள் முழு ஆண்டும் உழைத்து இலக்கையும் எட்டியிருந்தால், அது சம்பாதித்த பணம் என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. மேலதிகாரி மதிப்பீட்டு மெயிலில் போனஸ் தொகையைக் குறிப்பிட்டிருந்தால் அந்த வாதம் இன்னும் வலுப்படும். கம்பெனி மெயில் முடக்கப்படும் முன், உங்கள் சொந்த மதிப்பீட்டுக் கடிதம், பே ஸ்லிப், பாலிசி நகல் இவற்றை மட்டும் எடுத்து வையுங்கள். வாடிக்கையாளர் தகவல், கம்பெனி ரகசியம் எதையும் தொடாதீர்கள். அதை வைத்தே உங்கள் மேல் புகார் வரும்.

செட்டில்மென்ட் தாளில் கையெழுத்துக்கு முன்

கடைசி நாளில் நீட்டப்படும் தாளில் "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று ஒரு வரி இருக்கும். அதன் கீழே கையாலேயே எழுதுங்கள்: "2025-26, 2026-27 ஆண்டுகளுக்கான போனஸ் நீங்கலாக." மறுத்தால், அன்றே மெயிலில் அதையே எழுதி அனுப்புங்கள். சட்டப்படியான போனஸை அந்த வரி அழிக்காது என்றாலும், ஒப்பந்த போனஸ் கேட்பவருக்கு அந்த வரிதான் பிறகு பெரிய தலைவலி.

கெடு தாண்டியதும் வேலை செய்த காலம், சம்பளம், சதவீதம், தொகை, வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைக் குறித்து மெயிலும் பதிவுத்தபாலும் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். சட்டப்படியான போனஸாக இருந்தால் அதற்குப் பிறகு உங்கள் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு. பணம் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பு அங்கே முதலாளியுடையது. மனுவுக்கு மூன்று ஆண்டு அவகாசம். நம் கோவை ஊழியரின் முதல் தொகைக்கு அது 2029 நவம்பர் வரை ஓடும். பெரிய சம்பளக்காரரின் ஒப்பந்த போனஸுக்கு வழி பெரும்பாலும் வக்கீல் நோட்டீஸும் சிவில் வழக்கும். அங்கேயும் காலவரம்பு மூன்று ஆண்டு. தொகை சிறியதென்றால் வழக்குச் செலவையும் அருகில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.