எண் போட்டுக் கேட்டால் பாதி பதிலோடு போகாது

பெரியவளின் வளைகாப்புக்கு ஒரு கேட்டரிங்காரரிடம் வாட்ஸ்அப்பில் விசாரித்தேன். "அண்ணா, 14-ம் தேதி வளைகாப்பு, ஒரு 120 பேர் வருவாங்க, கலவை சாதம் அஞ்சு வகை வேணும், கேஸ் நீங்க கொண்டு வருவீங்களா, பரிமாற ஆள் உண்டா, தண்ணி பாட்டில் எல்லாம் சேர்த்தியா, எவ்வளவு ஆகும் சொல்லுங்க" என்று மூச்சு விடாமல் ஒரே பத்தி. அரை மணி நேரத்தில் பதில் வந்தது: "பண்ணிடலாம்மா. இலை 250."

விலை கட்டுப்படியாகிறதே என்ற சந்தோஷத்தில் மற்றதைக் கேட்காமல் விட்டேன். வளைகாப்பு அன்று காலை ஆறரை மணிக்கு மாஸ்டர் வந்து இறங்கிக் கேட்ட முதல் கேள்வி, "சிலிண்டர் எங்கேம்மா வச்சிருக்கீங்க?" அடுப்படியில் இருக்கும் 14.2 கிலோ வீட்டு சிலிண்டரை இப்படிக் கூலிச் சமையலுக்குக் கொடுக்கக் கூடாது, வணிக சிலிண்டர்தான் வேண்டும். என் தம்பி ஸ்கூட்டரில் ஊரைச் சுற்றி ஒன்று கொண்டு வந்தான். பந்தி ஒரு மணி நேரம் தள்ளிப் போனது.

அவர் மேல் முழுத் தப்பையும் போட மாட்டேன். சமையல் கூடத்தில் ஒரு கையில் கரண்டியோடு போனைப் பார்க்கிறவருக்குப் பத்தியில் கண்ணில் படுவது முதல் வரியும் கடைசி வரியும்தான். முதல் வரிக்குப் "பண்ணிடலாம்", கடைசி வரிக்கு "250". நடுவில் கேட்டதெல்லாம் நடுவிலேயே நின்றுவிட்டது. சின்னவளின் வளைகாப்புக்கு எண் போட்டுக் கேட்டேன். அதில் கற்றுக்கொண்டவை இவை.

1. கேள்விக்கு முன்னால் விவரம். தேதி, பந்தி தொடங்கும் நேரம், இலை எண்ணிக்கை, இடம், சாப்பாட்டு வகை, இந்த ஐந்தையும் எண் போடாமல் மேலே எழுதிவிடுங்கள். இடம் என்றால் தெருப் பெயர் மட்டும் போதாது. இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை என்றால் அதையும் சொல்ல வேண்டும், அண்டாவை ஏற்ற ஆள் கூடுதலாக வேண்டியிருக்கும். இவை இல்லாவிட்டால் அவர் பதில் சொல்லாமல் "எத்தனை பேரும்மா?" என்று திருப்பிக் கேட்பார். பேச்சு அங்கேயே வேறு பக்கம் திரும்பிவிடும்.

2. ஒரு எண்ணுக்கு ஒரே கேள்வி. "பரிமாற எத்தனை பேர், இலை எடுக்க ஆள் தனியா, அவங்களுக்குக் கூலி சேர்த்தியா?" என்று மூன்றை ஒரே எண்ணுக்குள் அடைத்தால் "6 பேர் வருவாங்க" என்று ஒன்றுக்கு மட்டும் பதில் வரும். எண்ணுக்குப் பதில் வந்துவிட்டதால் விடுபட்டதை நாமும் கவனிக்க மாட்டோம். எழுதி முடித்ததும் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒரே எண்ணில் இரண்டு கேள்விக்குறி வரவேண்டிய இடம் இருந்தால் பிரித்து விடுங்கள்.

3. ஒரு சொல்லில் பதில் வரும்படி கேளுங்கள். "கேஸ் விஷயம் எப்படி?" என்று கேட்டால் "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா" என்றுதான் வரும். "கேஸ் சிலிண்டர் யார் கொண்டு வரணும், நீங்களா நாங்களா?" என்று கேட்டால் அவர் "நாங்க" என்று தட்டினால் போதும். தண்ணீர் பாட்டில், வாழை இலை, டம்ளர், மேஜை விரிப்புக் காகிதம் போன்ற சில்லறைச் சாமான்களுக்கு ஒவ்வொரு எண் போட்டால் பட்டியல் அனுமார் வாலாகிவிடும். அவற்றை ஒரே எண்ணில் வைத்து, "இதில் நாங்கள் வாங்க வேண்டியது எது?" என்று கேளுங்கள். அவருக்கும் சுலபம், நமக்கும் வேண்டியது அதுதான்.

4. விலையைக் கடைசியில் வையுங்கள். இது எனக்கு அனுபவத்தில் மட்டுமே தெரிந்தது. விலைதான் முக்கியம் என்று முதலில் கேட்டால், அதைச் சொன்னதோடு வேலை முடிந்தது என்று அவர் போனை வைத்துவிடுகிறார். மேலே உள்ளதைப் படித்து வந்தால்தான் விலையும் சரியாக வரும். மளிகை யாருடையது, சிலிண்டர் யாருடையது என்பதற்குப் பதில் சொல்லிவிட்டுச் சொல்கிற விலையை, "அது சேர்க்கலையேம்மா" என்று பிறகு அவரால் மாற்ற முடியாது.

5. நான் இரண்டாம் முறை அனுப்பியதை அப்படியே தருகிறேன். தேதியையும் எண்ணிக்கையையும் மாற்றிக்கொண்டு நீங்களும் அனுப்பலாம்.

வணக்கம் அண்ணா. 22-ம் தேதி வளைகாப்பு. பந்தி பகல் 12 மணி. 120 இலை. வீட்டு மொட்டை மாடி, இரண்டாவது தளம், லிஃப்ட் இல்லை. சர்க்கரைப் பொங்கல், புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர் சாதம், உருளை வறுவல், வடை, அப்பளம்.
1. மளிகை, காய்கறி, பால், தயிர் எல்லாம் இலை விலையில் சேர்த்தியா?
2. கேஸ் சிலிண்டர் யார் கொண்டு வரணும்?
3. பரிமாற எத்தனை ஆள் வருவாங்க?
4. வாழை இலை, தண்ணீர் பாட்டில், டம்ளர்: இதில் நாங்கள் வாங்க வேண்டியது எது?
5. ஆள் குறைந்தால் குறைந்தபட்சம் எத்தனை இலைக்குப் பணம்?
6. 120-க்கு மேல் எத்தனை இலை வரை சமையல் தாங்கும்?
7. ஒரு இலை எவ்வளவு?
எண் போட்டுத் தனித்தனி வரியாகப் பதில் அனுப்புங்க அண்ணா. எது தெரியலையோ அதற்கு "அப்புறம் சொல்றேன்" என்று போட்டால் போதும்.

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். தெரியாததற்குச் சொல்ல ஒரு சொல்லை நாமே கொடுத்துவிட்டால் அவர் அந்த எண்ணைத் தாண்டிப் போவது குறையும். முன்பணம், மெனுவில் மாற்றம் எல்லாம் அடுத்த செய்திக்கு. கேள்விகள் ஏழெட்டுக்கு மேல் போனால் "அப்புறம் பார்க்கலாம்" என்று மூடி வைத்துவிடுவார்கள்.

6. ஒரே செய்தியாகப் போக வேண்டும். ஏழு கேள்வியை ஏழு செய்தியாக அனுப்பினால் கடைசியில் வந்ததற்கு மட்டும் பதில் வரும். போனில் வரி மாற்றப் போய்ச் செய்தி பறந்துவிடுகிறது என்றால் வாட்ஸ்அப் அமைப்புகளில் Enter is send என்பதை அணைத்து வையுங்கள். கணினியில் தட்டுகிறவர்கள் வரி மாற்ற Shift + Enter அழுத்த வேண்டும். வெறும் Enter தட்டினால் முதல் கேள்வியோடு செய்தி போய்விடும்.

7. வந்த பதிலை எண் வாரியாகச் சரிபாருங்கள். எனக்கு வந்தது இதுதான்: "1 ஆமா 2 நாங்க 3 6 பேர் 5 100 7 260." தனி வரியில் போடுங்கள் என்று சொல்லியும் ஒரே வரி. "3 6 பேர்" என்பதை என் மாமியார் 36 பேர் என்று படித்து, "பரிமாறவே 36 பேரா, அவங்களுக்கும் நாமதான் சோறு போடணுமா?" என்று பதறிவிட்டார். 3-வது கேள்விக்கு 6 பேர் என்பதுதான் பதில். பதிலே எண்ணாக இருக்கும் இடங்களில் இந்தக் குழப்பம் வரும். சந்தேகம் இருந்தால் "பரிமாற ஆறு பேர், சரிதானே?" என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

இதில் 4-ம் 6-ம் இல்லை. பத்தியாகக் கேட்டபோது எது விடுபட்டது என்று எனக்கே தெரியவில்லை, இங்கே ஓட்டை பளிச்சென்று தெரிகிறது. விடுபட்டதை மட்டும் மறுபடி அனுப்புங்கள், பழைய எண்ணோடு. 4-ஐ 1 ஆக்கி, 6-ஐ 2 ஆக்கி அனுப்பினால் அவர் பழைய 1, 2-க்கு என்ன சொன்னார் என்று இருவருமே தேட வேண்டியதுதான். "4-ம் 6-ம் மட்டும் பாக்கி அண்ணா" என்று மேலே ஒரு வரி போட்டு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் வந்தது: "4 தண்ணி பாட்டில் நீங்க. 6 பத்து இலை வரைக்கும்."

முதல் முறை 130 பேர் வந்து கடைசிப் பந்தியில் தயிர் சாதம் மட்டும் மிஞ்சிய காரணம் அந்தப் பத்து இலைக் கணக்கைக் கேட்காததுதான். இந்த முறை முன்கூட்டியே 130 இலையாக மாற்றிச் சொன்னேன்.

8. வாய்ஸ் மெசேஜில் பதில் வந்தால் கோபப்படாதீர்கள். தட்டுவதைவிடப் பேசுவது பலருக்கு எளிது. கேட்டுக்கொண்டே உங்கள் கேள்விகளுக்கு எதிரே நீங்களே பதிலை நிரப்பி, "நீங்க சொன்னது இதுதானே அண்ணா? சரின்னு மட்டும் போடுங்க" என்று திருப்பி அனுப்புங்கள். போன் செய்து பேசினாலும் இதே வழிதான். "சரி" என்ற அந்த ஒரு சொல் எழுத்தில் இருந்தால் போதும். பட்டியல் முழுவதற்கும் நேரடியாக "ஓகேம்மா" என்று மட்டும் வந்தால் அது பதில் இல்லை. அவர் படிக்கவில்லை என்று வைத்துக்கொண்டு மறுபடி கேளுங்கள்.

9. இரண்டு பேருக்கு ஒரே பட்டியலை, ஒரே வரிசையில் அனுப்புங்கள். இன்னொருவர் இலைக்கு 225 என்றார். 120 இலைக்கு 27,000 ரூபாய். முதல்வருடையது 31,200. அம்மாடி, 4,200 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். எண் வாரியாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இவரிடம் 2-க்கும் 4-க்கும் "நீங்க" என்று இருந்தது, 3-க்கு இரண்டே ஆள். சிலிண்டருக்கு 2,000, இலைக்கும் டம்ளருக்கும் 1,300, கூடுதலாக நான்கு ஆளுக்குத் தலைக்கு 700 வீதம் 2,800 என்று விசாரித்துப் போட்டதில் 33,100 வந்தது. தண்ணீர் பாட்டில் இருவரிடமும் நம் செலவுதான், அதனால் கணக்கில் சேர்க்கவில்லை. விலை குறைவாகச் சொன்னவரிடம்தான் 1,900 ரூபாய் அதிகம்.

10. எல்லாவற்றுக்கும் எண் வேண்டாம். தெருமுனைப் பூக்காரம்மாவிடம் ஏழு கேள்விப் பட்டியலை நீட்டினால் சிரிப்பார். ஒன்றிரண்டு விஷயமென்றால் போன் போட்டுக் கேட்பதே நல்லது. சமையல், பந்தல், வீடியோ, மேளம் என்று பணமும் பொறுப்பும் பிரிகிற இடங்களுக்குத்தான் இது.

11. பதில் வந்த பட்டியலைத் தாளில் எழுதி, அன்றைக்குச் சமையல் பக்கம் நிற்கப் போகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் தம்பிதான். இலைக் கட்டைப் பிரிக்கும் முன் அவன் எண்ணி வைத்தான், 140 இருந்தது. கிழிந்து ஒதுக்கியது மூன்று, பந்தி முடிந்து மிஞ்சியது பத்து. 127 இலைதான் போட்டிருந்தது, குறைந்தபட்சக் கணக்கான 100-க்கு மேல் என்பதால் 127-க்கே பணம் கொடுத்தோம், 33,020 ரூபாய்.